கடைசி பக்கமும் பின்னட்டையும்

நவம்பர் 3

பதிப்பாளர் அண்ணன் வாட்ஸப்ல அனுப்பியிருக்கார். "தங்கச்சி, பின்னட்டைக்கு ஆசிரியர் குறிப்பு வேணும், 60 வார்த்தைக்குள்ள. கடைசில ஒரு பக்கம் நன்றி. பத்து நாள்ல குடுத்துரு, புத்தகக் காட்சிக்கு முன்னாடி கையில வந்துரணும்." 11 கதை எழுத எட்டு ஒம்பது வருஷம் ஆச்சு, இது என்ன ஒரு பக்கம்தானேன்னு சாப்பிட்டு முடிச்சதும் உக்காந்தேன், மணி பன்னெண்டே கால் ஆகுது இப்ப, ஒரு வரி கூட நிக்கல.

எழுதுனது இதுதான்: "சிறுவயது முதலே இலக்கியத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவர்." பொய். சிறுவயசுல எனக்கு தீராத ஆர்வம் இருந்தது தேன்முட்டாய் மேலதான்.

நவம்பர் 4

வீட்ல இருக்குற புக்கையெல்லாம் எடுத்து பின்னட்டைய மட்டும் படிச்சேன், இருபது முப்பது இருக்கும். முதல் புத்தகம் போடுறவங்க குறிப்புதான் நீளமா இருக்கு! பள்ளிக்கூடத்துல வாங்குன பரிசு, கல்லூரி மலர்ல வந்த கவிதை எல்லாம் இருக்கு. பத்து புக் போட்டவங்க மூணு வரில ஊரு, வேலை, மத்த நூல்கள்னு முடிச்சிர்றாங்க. நானும் 2009ல காலேஜ்ல வாங்குன கட்டுரைப் போட்டி முதல் பரிச போட்டிருந்தேன், வெக்கமா போச்சு, எடுத்துட்டேன். அது போனதும் அடுத்து நின்ன "பல்வேறு இதழ்களில் தொடர்ந்து எழுதி வருபவர்" என்னைய பாத்து சிரிச்சிச்சு. வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வந்தா அது தொடர்ந்தா?

இன்னொரு கஷ்டம் இந்த 'ஆர்' விகுதி. "பணிபுரிகிறார்", "வசிக்கிறார்"னு நம்மள நாமே மரியாதையா எழுதணும். கண்ணாடி முன்னாடி நின்னு நமக்கு நாமே வணக்கம் வைக்கிற மாதிரி இருக்கு. வேற யாரோ ஒருத்திய பத்தி எழுதுறதா நெனச்சுக்கிட்டு, அவ ஆபீஸ் சர்வீஸ் ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்குமோ அத மட்டும் எழுதுவோம்னு ஆரம்பிச்சப்பதான் கொஞ்சம் ஓடுச்சு.

நவம்பர் 6

லேஅவுட் பண்ற தம்பிக்கு போன் போட்டேன், நன்றி பக்கம் ரெண்டு பக்கமா போனா பரவால்லையான்னு. அவன் பொறுமையா சொன்னான். "அக்கா, புக் டெமி சைஸு. ஒரு ஃபாரம் 16 பக்கம். உங்களுக்கு ஒம்பது ஃபாரம், 144 பக்கம் சரியா நிக்கிது. நன்றி 144ஆவது பக்கம். 145 வந்துச்சுன்னா அந்த ஒரு பக்கத்துக்காக தனியா பேப்பர் சேக்கணும், அண்ணன் திட்டுவாரு. இல்லேன்னா ஏதாவது கதையில நாலு பாரா வெட்டுங்க." ஒரு பக்கத்துக்கு 28 வரி, தலைப்புக்கு ஆறு வரி இடம் விட்டா மிச்சம் 22.

எங்கிட்ட இருந்தது அறுபது வரிக்கு மேல.

நவம்பர் 7

அறுபது வரியில என்னதான் இருக்குன்னு சிவப்பு பேனாவ வச்சிக்கிட்டு பாத்தேன். "நன்றி சொல்ல வார்த்தைகள் இல்லை" மூணு இடத்துல. "என் வளர்ச்சியில் அக்கறை கொண்ட அனைத்து நல்லுள்ளங்களுக்கும்" ஒண்ணு. "உறுதுணையாக இருந்த" அஞ்சு. யார் பேர எடுத்துட்டு யார் பேர போட்டாலும் அந்த வரி அப்பிடியே பொருந்துது, கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேர மட்டும் மாத்துற மாதிரி.

அதனால ஒவ்வொரு பேருக்கு நேராவும் அவங்க செஞ்ச ஒரே ஒரு காரியத்த எழுதிப் பாத்தேன். மெய்ப்பு பாத்த சாரப் பத்தி "பொறுமையுடன் பிழை திருத்தி உதவிய"ன்னு இருந்தது. அவர் உண்மையில செஞ்சது என்னன்னா, நாலாவது கதையில பாட்டி 2004ல செத்துட்டா, 2007ல திரும்ப வந்து வெத்தல இடிக்கிறா, அத கண்டுபுடிச்சார். அதையே எழுதினேன்: "இறந்த பாட்டி மூன்று வருடம் கழித்து வெற்றிலை இடிப்பதைப் பிடித்துக்கொடுத்தவர்." வரி நீளம் ரெண்டும் ஒண்ணுதான், ஆனா இது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். இப்பிடி காரியம் ஒண்ணும் எழுத வராத பேர் ஒம்பது இருந்துச்சு. சும்மா லைக் போட்டவங்க, பெரிய ஆளுங்கன்னு சேத்தவங்க (ஒருத்தர நான் நேர்ல கூட பாத்ததில்ல, பேரு இருந்தா கெத்தா இருக்கும்னு போட்டது, தப்புதான்). ஒம்பதும் போச்சு.

ஒரு ஆள்கிட்ட மட்டும் நின்னுட்டேன். முதல் அஞ்சு கதையோட முதல் வரைவ படிச்சவ, இப்ப பேச்சுவார்த்தையே இல்ல, மூணு வருஷம் ஆகுது. போடாம விட்டா புக்கு பொய் சொல்லும். நட்பப் பத்தி எழுதினா சமாதானத் தூது மாதிரி ஆயிரும். "முதல் ஐந்து கதைகளின் முதல் வரைவை வாசித்தவர்"னு பேரோட போட்டேன். சண்டையும் இல்ல உருக்கமும் இல்ல.

நவம்பர் 8

இதழ்கள் பட்டியல். கதை வந்த மாசம், வருஷம் எல்லாம் பழைய மெயில்ல தேடி எடுத்தேன். ரெண்டு கதைக்கு இப்ப தலைப்பு வேற, அதனால "இதழில் வேறு தலைப்பில் வெளியானது"ன்னு சேக்கணும், இல்லேன்னா பழைய இதழ தேடிப் போறவங்களுக்கு கிடைக்காது. இத நன்றி பக்கத்துல வைக்காம, பதிப்பு விவரம் இருக்குற பக்கத்துக்கு கீழ சின்ன எழுத்துல போடலாம்னு தம்பிதான் ஐடியா குடுத்தான். ஆறு வரி மிச்சம்.

நவம்பர் 9

இன்னைக்கு ஊருக்குப் போனேன். அங்க பீடி சுத்துற ஒரு அக்காவ பாக்க.

புக்குல பாதி கதை பீடி சுத்துற வீட்டுக் கதை. எங்கம்மாவும் அத்தையும் சுத்துனவங்கதான், ஆனா நான் ஸ்கூல் போயிட்டு வந்து இலை வெட்டுனதோட சரி, கணக்கு வழக்கு தெரியாது. கம்பெனில குடுக்குற இலை 1000 பீடிக்கு பத்தாது, கொறையுறத வெளிய காசு குடுத்து வாங்கித்தான் சுத்தணும், சுத்திக் கொண்டு போனா கடையில எடுத்துப் பாத்து இது சரியில்ல அது சரியில்லன்னு கழிவுன்னு ஒடச்சுப் போடுவாங்க, அதுக்கு கூலி கிடையாது, இதெல்லாம் சொன்னது அக்கா. மூணு ராத்திரி, மடியில சொளவ வச்சிக்கிட்டு கை ஓடிக்கிட்டே இருக்க சொன்னா. கதைய வாசிச்சுக் காட்டுனப்ப "ஏட்டி, தூள வச்சி சுருட்டிட்டா நூல் கட்டுவாவ? முதல்ல தலைய மடக்கணும்லா"ன்னு திருத்துனா.

இவ பேர போடாம நன்றி எதுக்குன்னு முதல் வரியிலேயே முழுப் பேரு, ஊரு எல்லாம் போட்டு வச்சிருந்தேன். அத வாசிச்சுக் காட்டத்தான் போனேன். கேட்டுட்டு கையி நின்னுட்டு.

"எம்பேரா? வேண்டாம்மா. நான் யாரு பாஸ்புக்குல சுத்துதேன்னு ஒனக்கு தெரியாதா?"

தெரியும். அடுத்தவங்க பேர்ல இருக்குற பீடிக் கம்பெனி பாஸ்புக்குல சுத்துறா, பி.எஃப் அவங்களுக்கு, கூலி இவளுக்கு. கடையில தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டிருக்காங்க. பேரு அச்சுல வந்தா விட மாட்டாங்க. கதையில பாஸ்புக் விஷயத்த நான்தான் எழுதுனேன், அது கீழ இவ பேரப் போடுறது எப்பிடி இருக்கும்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. கேக்காம அனுப்பியிருந்தா?

நவம்பர் 10

பேர எடுத்துட்டேன், "எங்கள் ஊர் அக்கா ஒருவருக்கு"ன்னு மாத்துனேன், முடிஞ்சுதுன்னு ஆபீஸ் போயிட்டேன். மத்தியானம் டிபன் பாக்ஸ தொறக்கும்போதுதான் உறைச்சது. பின்னட்டையில ஆசிரியர் குறிப்பு, முதல் வரியே நான் பிறந்த ஊர் பேரு! உள்ள "எங்கள் ஊர்", வெளிய ஊர் பேரு. ரெண்டையும் சேத்துப் படிச்சா போதும், நானூறு வீடு உள்ள ஊர்ல மூணு ராத்திரி நான் யாரு வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தேன்னு கண்டுபுடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ரெண்டையும் தனித்தனியா எழுதினதால எனக்கு தெரியல, படிக்கிறவங்க ஒரே புக்கா கையில வச்சிருப்பாங்கல்ல.

ஊர் பேரு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எந்தப் புத்தகத்துலயும் வராத ஊரு அது. ஆனா எடுத்துட்டேன், (இங்கயும் எழுத மாட்டேன்) மாவட்டம் மட்டும் இருக்கு. நன்றியில "ஊர்"ங்கிற சொல்லும் போச்சு, மூணு ராத்திரியும் போச்சு, கழிவு பாஸ்புக் எதுவும் இல்ல. நின்னது இதுதான்:

"மடியில் சொளவை வைத்தபடியே கதைகளைக் கேட்டு, தலை மடக்கிய பிறகுதான் நூல் கட்ட வேண்டும் என்று சொல்லித்தந்தவருக்கு."

எங்க பக்கம் சொளவு இல்லாத மடி கம்மி. அக்காவுக்கு மட்டும் தெரியும். போன்ல வாசிச்சேன், "இது இருக்கட்டும்"னா.

நவம்பர் 11

குறிப்பு கடைசியா இப்பிடி:

"திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அத்தையும் பீடி சுற்றிய வீட்டில் வளர்ந்தவர். வணிகவியல் பட்டதாரி. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிகிறார். 2016 முதல் சிறுகதைகள் எழுதுகிறார். இது இவரது முதல் நூல்."

முப்பது வார்த்தை கூட இல்ல. அண்ணன் "இன்னும் கொஞ்சம் போடலாமே, விருது கிருது ஒண்ணும் இல்லையா"ன்னார். இல்லண்ணே. செல் நம்பர் போடச் சொன்னார், அது வேண்டாம், புக்குக்குன்னே புதுசா ஒரு மெயில் ஐடி ஆரம்பிச்சு குடுத்துட்டேன்.

நவம்பர் 14

ப்ரூஃப் பிடிஎஃப் வந்துச்சு. நான் டைப் பண்ணது யூனிகோடு, தம்பி லேஅவுட்டுக்கு வேற எழுத்துருக்கு மாத்துறான், அதுல ஒருத்தர் பேர்ல இருந்த ஸ்ரீ ஒடஞ்சு கட்டமா நிக்கிது. கதைகள எல்லாரும் நாலு தடவ படிச்சாச்சு, கடைசியா வந்த நன்றி பக்கத்த யாரும் படிக்கல! பேர் மட்டும்தான் இருக்குற பக்கத்துல பேர் தப்பா வந்தா அதுக்கு நன்றி சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு பேரையும் இனிஷியலோட, அவங்கவங்க எப்பிடி எழுதுவாங்களோ அதுகூட ஒப்பிட்டுப் பாத்தேன். இன்னொருத்தருக்கு இனிஷியல் தப்பு, அது என் தப்பு. ரெண்டும் திருத்தி ஓகே குடுத்தாச்சு.

நவம்பர் 16

அம்மாவுக்கு அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். விரல வச்சு ஒவ்வொரு வரியா படிச்சாங்க. தன் பேரு வந்த இடத்துல ஒண்ணும் சொல்லல, சொளவு வரியில லேசா சிரிச்சாங்க. கடைசி வரை போயிட்டு தாளத் திருப்பிப் பாத்தாங்க, பின்னாடி காலி.

"சித்தி பேரு எங்க?"

சித்தி! முதல் கதைய நான் டைப் அடிச்சதே சித்தி வீட்டு கம்ப்யூட்டர்ல, அவ பையனுக்கு பரீட்சை நேரத்துல, அவன எழுப்பி விட்டுட்டு எனக்கு எடம் குடுத்தா. அவங்கவங்க செஞ்ச காரியத்த எழுதணும்னு பேனாவ வச்சிக்கிட்டு வெட்டுன பொம்பள நானு.

தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, ஃபைல் நேத்தே பிரஸ்ஸுக்கு போயிருச்சு, ஓட ஆரம்பிச்சிருப்பாங்க."

சித்தி பொங்கலுக்கு வருவா. அவகிட்ட யார் சொல்றதுன்னு நானும் அம்மாவும் இன்னும் முடிவு பண்ணல.