ஏஐ எழுதிய ஃபங்ஷன் உங்கள் அசைன்மென்டில் இருந்தால்

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் "ஏஐ உதவியுடன் செய்தது" என்று ஒரு வரி போட்டுவிட்டு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வைவாவில் சிக்கலே அந்த வரியிலிருந்துதான் தொடங்கும். எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், அதில் நீ மாற்றியது என்ன என்று எக்ஸ்டர்னல் கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. (பாடத்தின் விதியே ஏஐ கூடாது என்றால், எவ்வளவு விவரமாக எழுதினாலும் அது விதிமீறல்தான். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து புதுச்சேரி வரையுள்ள பஸ் நிறுத்தங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் காட்டும் பைத்தான் அசைன்மென்ட். நிறுத்தங்கள் ஜியோஜேசன் கோப்பில் இருக்கின்றன. ஏஐ கருவி இப்படி எழுதித் தருகிறது:

```python
lat1, lon1 = stop_a["geometry"]["coordinates"]
lat2, lon2 = stop_b["geometry"]["coordinates"]
return haversine(lat1, lon1, lat2, lon2)
```

பார்த்தால் குறையே தெரியாது, ஓடவும் ஓடும். ஆனால் ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை இரண்டாவது. இங்கே இரண்டும் இடம் மாறிவிட்டன. அட்சரேகை 90-ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு சோதனை வைத்திருந்தாலும் நம் ஊரில் அது உதவாது. தமிழ்நாட்டின் தீர்க்கரேகை 76-லிருந்து 80 சொச்சம் வரைதான், அதனால் சோதனையில் தேறிவிடும். புரோகிராம் மட்டும் கடலூரை வடதுருவத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கும்.

கடலூருக்கு 11.75, 79.77 என்றும் புதுச்சேரிக்கு 11.93, 79.83 என்றும் வைத்தால் சரியான விடை சுமார் 21 கிலோமீட்டர். மேலே உள்ள கோடு தருவது சுமார் 7.5. இதைப் பிடிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் 0.18 டிகிரி வித்தியாசம், அதாவது வடக்கு நோக்கி மட்டுமே 20 கிலோமீட்டர். அதற்குக் குறைவாக எந்த விடை வந்தாலும் தப்பு.

டெஸ்டையும் அதே கருவியிடம் எழுதச் சொல்லும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கோடு தந்த 7.5-ஐயே எதிர்பார்க்கும் விடையாக வைத்து டெஸ்ட் எழுதினால் எல்லாம் பச்சையாகத்தான் வரும். எதிர்பார்க்கும் எண்ணை நீங்கள் கையால் கணக்கிட்டுப் போடுங்கள்.

திருத்துவதற்கு முன், கருவி தந்ததை அப்படியே ஒரு கமிட் செய்துவிடுங்கள்:

```
git commit -m "Add distance function" --trailer "Assisted-by: <கருவி, பதிப்பு>"
```

உங்கள் திருத்தம் தனிக் கமிட்டாக இருக்கட்டும். அப்போது இரண்டுக்கும் இடையிலான டிஃப் உங்கள் வேலை எது என்பதைக் காட்டிவிடும். `git log --grep="Assisted-by"` என்று தட்டினால் ஏஐ தொட்ட கமிட் எல்லாம் வரிசையாக வரும், ரிப்போர்ட் எழுதும்போது நினைவிலிருந்து தேட வேண்டாம். `--trailer` வேலை செய்யவில்லை என்றால் கிட் 2.32-க்கு முந்தையதாக இருக்கும். அந்த வரியைக் கமிட் செய்தியின் கடைசியில், ஒரு வெற்று வரி விட்டு, கையாலேயே எழுதலாம்.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது இந்த அளவுதான்: "distance.py-இல் உள்ள தூரக் கணக்கு ஏஐ கருவி தந்தது. கருவியின் பெயர், பதிப்பு, தேதி, கேட்ட கேள்வி இணைப்பில் உள்ளன. ஆயங்களின் வரிசை தவறாக இருந்ததைத் திருத்தினேன். கடலூர்–புதுச்சேரி தூரத்தைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்தேன்."

அடுத்தது உரிமம். கருவி தரும் கோடு சில சமயம் யாரோ எழுதியதன் நகலாக இருக்கும், மூலத்தைச் சொல்லாது. வழக்கத்துக்கு மாறான கமென்டோ மாறிப் பெயரோ கண்ணில் பட்டால், அந்த வரியை மேற்கோள் குறிக்குள் வைத்து கிட்ஹப்பில் தேடுங்கள். எம்ஐடி உரிமம் என்றால் காப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் சேர்த்து வைத்தால் போதும். ஜிபிஎல் என்றால், புராஜெக்டைப் பொதுவில் ஏற்றும்போது மொத்தத்தையும் ஜிபிஎல் கீழ்தான் தர வேண்டும். உரிமக் கோப்பே இல்லாத ரெப்போவை "இலவசம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமம் தரவில்லை என்றால் நகலெடுக்க அனுமதியும் தரவில்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்கள் CC BY-SA உரிமத்தில் வருகின்றன, பதிப்பு தேதியைப் பொறுத்தது. 2018 மே 2 முதல் எழுதியவை 4.0. அதற்கு முன், 2011 ஏப்ரல் 8 முதல் எழுதியவை 3.0. இந்த வித்தியாசம் வெறும் எண் அல்ல. 4.0-இல் உள்ளதை ஜிபிஎல் 3 புராஜெக்டில் சேர்க்கலாம், 3.0-க்கு அந்த வழி இல்லை. பதிலுக்குக் கீழே உள்ள Share-ஐ அழுத்தினால் உரிமம் தெரியும். எடுத்த இடத்தில் இப்படி ஒரு குறிப்பு வையுங்கள்:

```python
# மூலம்: <பதிலின் இணைப்பு>, எழுதியவர்: <பயனர் பெயர்>
# உரிமம்: CC BY-SA 4.0; மாற்றம்: ஆய வரிசை
```

உரிமம் பொருந்தவில்லை என்றால் அந்த ஃபங்ஷனை நீக்கிவிட்டு, பக்கத்தை மூடிவிட்டு, ஹாவர்சைன் சூத்திரத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். சூத்திரத்துக்குக் காப்புரிமை கிடையாது. பழைய கோடில் மாறிகளின் பெயரை மட்டும் மாற்றுவது திரும்ப எழுதியதாகாது. வரிகளின் வரிசையும் கமென்ட் இருந்த இடமும் அப்படியே இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.