இணைப்பு பின்னூட்டத்தில் இருந்தது, வாசகர் கண்ணில் படவில்லை

தஞ்சாவூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகம் போன புரட்டாசியில் ஒரு நூலுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தது. கடை விலை 550 ரூபாய், முன்பதிவு செய்தால் 400 ரூபாய். அச்சகத்துக்கு முன்பணம் கட்டுவதற்குக் குறைந்தது 100 முன்பதிவுகளாவது தேவைப்பட்டன. எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தை 6,200 பேர் பின்தொடர்கிறார்கள். அட்டைப் படத்தையோ பழைய கையெழுத்துப் படியையோ போட்டால் 1,800 முதல் 2,200 பேர் வரை பார்ப்பது வழக்கம் என்பதால், அறிவிப்பையும் குறைந்தது அவ்வளவு பேராவது பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் இணையதளத்தின் முன்பதிவுப் பக்கத்தை நகலெடுத்து ஒட்டி, மேலே நான்கு வரி எழுதி வெளியிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது ரீச் 310 என்று காட்டியது.

வெளித்தள இணைப்பு வைத்த பதிவுக்கு ரீச் குறையும் என்பதை அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். தோற்றவர்கள் சொல்லும் சாக்கு என்று நினைத்து ஒதுக்கியதுதான் தவறு. இதைத் தளக்காரர்களே மறைப்பதில்லை. எக்ஸ் தளத்தில் யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணிப்புமுறை, மக்கள் தளத்தில் செலவிடும் நேரத்தைக் கூட்டும் விதத்தில் இயங்குவதால் வெளி இணைப்புகளுக்குக் கவனம் குறைகிறது என்று 2023 அக்டோபரில் எலான் மஸ்க் எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில், பதிவில் விவரத்தை எழுதிவிட்டு இணைப்பைப் பதிலில் வையுங்கள் என்று அவரே வழியும் சொன்னார். ஃபேஸ்புக் 2021இன் இரண்டாம் காலாண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்கப் பயனர்கள் தங்கள் நியூஸ் ஃபீடில் பார்த்தவற்றில் 87.1 விழுக்காடு வெளித்தள இணைப்பே இல்லாத பதிவுகள் என்று இருக்கிறது.

மக்கள் தளத்திலேயே இருந்தால் தளக்காரர்களுக்குக் கூடும் விளம்பர வருமானம் மட்டும் இதற்குக் காரணமன்று என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஒருவர் நம் இணைப்பைத் தொட்டவுடன் வேறொரு பக்கம் திறந்து பதிவை மறைத்துவிடுகிறது. அங்கே படிக்கிறார், மூடுகிறார், அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்து விருப்பக்குறி இடவோ ஒரு சொல் எழுதவோ அவருக்குத் தோன்றுவதில்லை. அந்தக் குறிகளை நம்பியே அடுத்த நூறு பேருக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்கும் கணிப்புமுறைக்கு, நம் பதிவு யாரையும் அசைக்காத பதிவாகத் தெரிகிறது. அதாவது, நாம் விரும்பியதை அப்படியே செய்த வாசகரே நம் ரீச்சைக் குறைக்கிறார். தனியாகத் தண்டனை எதுவும் விதிக்கப்படாத தளத்திலும் இந்த இழப்பு இருக்கும்.

எங்கள் விஷயத்தில் மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது, அது முழுக்க எங்கள் குற்றம். மெதுவாகத் திறக்கும் பக்கங்களுக்கு இட்டுச்செல்லும் பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக ஃபேஸ்புக் 2017 ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தது. எங்கள் முன்பதிவுப் பக்கத்தில் அச்சகத்துக்கு அனுப்பிய அட்டைப் படத்தையே, 4 எம்பி அளவில், அப்படியே ஏற்றி வைத்திருந்தோம். கைப்பேசியில் திறக்க ஒன்பது விநாடி ஆயிற்று. படத்தை 180 கேபிக்குக் குறைத்தபின் இரண்டு விநாடிக்குள் திறந்தது. இணைப்பை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன், உங்கள் பக்கத்தை வைஃபை இல்லாமல் ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இந்த நிலையில் நண்பர் ஒருவர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யும் ஓர் இளைஞரிடம் அனுப்பி வைத்தார். அவர் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று யோசனைகள் சொன்னார். பதிவைப் பணம் கட்டி பூஸ்ட் செய்வது ஒன்று; அதற்கு எங்களிடம் காசில்லை. “நூல் வேண்டுவோர் ‘வேண்டும்’ என்று கமெண்டில் எழுதுங்கள்னு போடுங்க சார், பிச்சுக்கும்” என்றது இரண்டாவது. இப்படி விருப்பக்குறியையும் பின்னூட்டத்தையும் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது என்பதை வீட்டுக்கு வந்து தேடித்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது யோசனை மட்டும் உருப்படியானது: பதிவில் படமும் செய்தியும் மட்டும் இருக்கட்டும், இணைப்பை முதல் பின்னூட்டத்தில் வையுங்கள்.

அதைச் செய்ததில்தான் பெரிய கூத்து நடந்தது. அட்டைப் படத்துடன், நூலைப் பற்றி எட்டு வரி எழுதி, “முன்பதிவுக்கான இணைப்பு முதல் பின்னூட்டத்தில்” என்று முடித்தோம். எங்கள் அலுவலகத்துப் பெண் உடனே இணைப்பைப் பின்னூட்டத்தில் இட்டார். மூவரும் எங்கள் கைப்பேசியில் பார்த்தோம், இருந்தது. மூன்று நாளில் ரீச் 2,140 ஆயிற்று. முன்பதிவு ஒன்றுகூட வரவில்லை. நூலே யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று நான் மனம் உடைந்திருந்தபோது, கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, இணைப்பு பின்னூட்டத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே ஒன்றையும் காணோமே?”

அந்தப் பெண் பின்னூட்டத்தைப் பக்கத்தின் பெயரில் இடாமல் தம் சொந்தக் கணக்கிலிருந்து இட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன், கடன் செயலி விளம்பரங்கள் பின்னூட்டங்களில் வந்து குவிந்தபோது, இணைப்பு உள்ள பின்னூட்டங்கள் தாமாக மறைந்துவிடும்படி பக்கத்தின் அமைப்பில் நானேதான் மாற்றி வைத்திருந்தேன், மறந்தும் போயிருந்தேன். ஃபேஸ்புக்கில் இப்படி மறைக்கப்பட்ட பின்னூட்டம், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் வழக்கம்போலத் தெரியும். நாங்கள் எல்லோரும் அவருடைய நண்பர்கள். ஆகையால் எங்களுக்குத் தெரிந்தது, மற்ற இரண்டாயிரம் பேருக்குத் தெரியவில்லை. பின்னூட்டத்தில் இணைப்பு வைப்பவர்கள், உங்கள் பக்கத்தோடும் அதை எழுதியவரோடும் நட்பில் இல்லாத ஒருவரின் கைப்பேசியில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என் தங்கையின் மாமியார் கைப்பேசி இப்போது எங்கள் பதிப்பகத்தின் சோதனைக் கூடமாகியிருக்கிறது.

அடுத்த வாரம் அதே செய்தியை வேறு படத்துடன், பக்கத்தின் பெயரிலேயே பின்னூட்டமிட்டு வெளியிட்டோம். எந்த இடத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எங்கள் இணையதளத்தின் கணக்கில் பிரித்துப் பார்ப்பதற்காக, முகவரியின் வாலில் ஒரு குறியைச் சேர்த்தேன். பதிவில் வைத்தால் `post` என்றும் பின்னூட்டத்தில் வைத்தால் `comment` என்றும் கடைசிச் சொல்லை மாற்றினால் போதும்:

```
https://example.com/munpathivu?utm_source=facebook&utm_content=comment
```

முகவரி நீளமாக இருக்கிறதே என்று இலவசச் சுருக்கியில் போட்டுச் சுருக்காதீர்கள். அதே சுருக்கியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவதால், அவர்களுடைய கெட்ட பெயரில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது.

இம்முறை ரீச் 1,960. இணைப்பைத் தொட்டவர்கள் 24 பேர், முன்பதிவு 5. இதைப் பார்த்து மகிழ்ந்தபடியே முதல் பதிவின் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் முகம் சுருங்கியது. 310 பேர் மட்டும் பார்த்த அந்தப் பதிவில் இணைப்பைத் தொட்டவர்கள் 19 பேர், முன்பதிவு அங்கேயும் 5. ரீச் ஆறு மடங்கு கூடியும் வாங்கியவர் எண்ணிக்கை அசையவில்லை. கண்ணெதிரே இணைப்பு இருந்தபோது நூற்றுக்கு ஆறு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். பின்னூட்டத்தைத் திறந்து தேட வேண்டியிருந்தபோது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இணைப்பை இடம் மாற்றினால் ரீச் திரும்ப வருகிறது, ஆனால் வாசகருக்கு ஒரு படி கூடுகிறது. அந்தப் படியில் பலர் நின்றுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பின்னூட்டங்கள் எழுதப்பட்ட வரிசையில் தெரியாமல் பொருத்தத்தின் வரிசையில் தெரிவதால், ‘வாழ்த்துகள்’ நாற்பது வந்து சேர்ந்தவுடன் எங்கள் இணைப்பு அடியில் போய்விட்டது. விசாரிப்பவர்களுக்கெல்லாம் அந்த இணைப்புப் பின்னூட்டத்தின் கீழேயே பதில் எழுதத் தொடங்கியபின் அது மேலே வந்தது.

எனவே இரண்டாயிரம் பேர் பார்க்கும் படத்திலேயே, இணைப்பு இல்லாமல், வாங்குவதற்கான வழியை வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. நான்காவது பதிவில் அட்டைப் படத்தின் கீழே பெரிய எழுத்தில் விலையையும் வாட்ஸ்அப் எண்ணையும் அச்சிட்டோம். இணைப்பும் வழக்கம்போல் பின்னூட்டத்தில் இருந்தது. இணைப்பு வழியாக 4 முன்பதிவு, வாட்ஸ்அப்பில் 17. எண்ணைச் சேமித்து, ஜிபேயில் பணம் அனுப்பி, முகவரியையும் எழுதிவிடும் வாசகருக்கு எங்கள் படிவம் ஒரு தொல்லையாகத்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முகவரியையும் நாங்கள் கையால் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதைத் தவிர இதில் குறையில்லை.

மற்ற தளங்களில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் முகவரி தொட்டால் திறக்காது. நான் ஒரு வாரம் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே இணைப்புக்குரிய இடங்கள் முகப்புக் குறிப்பும் ஸ்டோரியில் ஒட்டும் ஸ்டிக்கரும்தான். யூடியூப் ஷார்ட்ஸில் விவரத்திலும் பின்னூட்டத்திலும் வைக்கும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் தொட்டால் திறப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சிக்கலே கிடையாது. அனுப்பியது எல்லோருக்கும் போகும்.

ஒரு விதியைக் கற்றுக்கொண்டு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. 2014 ஆகஸ்டில் இதே ஃபேஸ்புக், படத்தின் விளக்கத்தில் புதைத்து வைக்கும் இணைப்பைவிட, தலைப்பும் படமும் சேர்ந்து பெட்டியாகத் தெரியும் இணைப்புப் பதிவுக்கே முன்னுரிமை தருவோம் என்று அறிவித்திருந்தது. 2025 டிசம்பரிலோ, கட்டணச் சந்தா இல்லாத சில பக்கங்களும் தொழில்முறைக் கணக்குகளும் மாதத்துக்கு இரண்டு பதிவுகளில் மட்டுமே வெளி இணைப்பு வைக்கலாம் என்ற சோதனை நடப்பதாகச் செய்தி வந்தது. பின்னூட்டத்தில் வைக்கும் இணைப்புகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று அதிலேயே சொல்லப்பட்டது.

இப்போது எங்கள் பழக்கம் இது. நூலை அறிமுகப்படுத்தும்போது படமும் எண்ணும், பக்கத்தின் பெயரில் ஒரு பின்னூட்டமும். முன்பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மட்டும், ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்களுக்காக, ரீச்சைப் பற்றிக் கவலைப்படாமல் இணைப்பைப் பதிவிலேயே வைத்துவிடுகிறோம். புரட்டாசி நூலுக்கு அப்படி வைத்த கடைசிப் பதிவைப் பார்த்தவர்கள் 280 பேர். அதிலிருந்து வந்த 9 முன்பதிவுகளில் நூறாவதும் இருந்தது. அன்று மாலையே அச்சகத்துக்கு முன்பணம் கட்டினோம்.