47.5 கிலோவில் நின்றுபோன ஓவர்ஹெட் பிரஸ்: அரை அரை கிலோவாக ஏற்றிய ஒன்பது வாரம்

ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 45 கிலோவை மூன்று செட், ஐந்து ஐந்து ரெப் சுத்தமாக முடித்துவிடுவேன். அடுத்து 47.5 போட்டால் முதல் செட்டில் ஐந்து, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் மூன்று. ஏழு வாரமாக இதே கதை. கொஞ்சம் இறக்கி மறுபடி ஏறி வந்தாலும் அதே இடத்தில்தான் நின்றேன்.

நோட்டைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் 1.25 கிலோ, பக்கத்துக்கு ஒன்று போட்டால் மொத்தம் 2.5 கூடுகிறது. 100 கிலோ ஸ்குவாட்டில் அது இரண்டரை சதவீதம். 45 கிலோ பிரஸ்ஸில் அதுவே ஐந்தரை சதவீதம், அதுவும் தோளும் ட்ரைசெப்ஸும் மட்டும் தூக்க வேண்டிய லிஃப்டில். இரண்டுக்கும் ஒரே அளவு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஹார்டுவேர் கடையில் கனமான இரும்பு வாஷர்கள் வாங்கி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் 250 கிராம் வரும் வரை சேர்த்து, நைலான் பட்டையில் கோத்து எட்டு கட்டு செய்தேன். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் அரை கிலோ. பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும், தொங்கினால் பார் ஆடும். இதோடு இன்னொன்றும் செய்தேன்: ஜிம் பிளேட்டுகளையும் அதே தராசில் வைத்துப் பார்த்தால் 2.5 என்று போட்டிருந்த ஒன்று 2.3தான் இருந்தது. அரை கிலோ கணக்கு பார்க்கும்போது இந்த 200 கிராம் எல்லாவற்றையும் குழப்பிவிடும், அதனால் எடை சரியாக இருந்த பிளேட்டுகளில் பெயின்ட் புள்ளி வைத்து, பிரஸ் நாளில் அவற்றை மட்டுமே எடுத்தேன்.

42.5க்கு இறங்கித் தொடங்கினேன். திங்கள், வியாழன் என வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் அரை கிலோ.

வியாழக்கிழமை பிரஸ் முடிந்ததும் மூன்று செட், மூன்று ரெப் புஷ் பிரஸ். 50 கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2.5 ஏற்றினேன். கால் உந்துவதால் இது பாரை நெற்றியைத் தாண்டிக் கொண்டுபோய்விடுகிறது. எனக்குத் திணறல் அதற்கு மேலேதான், அங்கே கைகள் கனமான எடையை முடித்துப் பழகின. கீழே மார்பருகிலேயே நின்றுவிடுபவர்களுக்கு உந்தல் அவ்வளவு உதவாது, இறக்கும் பகுதிதான் உதவும் என்று நினைக்கிறேன். நானும் ஒவ்வொரு ரெப்பையும் மூன்று எண்ணி இறக்கினேன். முதல் வாரம் முழங்காலை மடக்கும்போது எடை முன்னங்காலுக்குப் போய் பார் முன்பக்கம் ஓடியது. குதிகாலைத் தரையில் அழுத்தி, நேராக அரை சாண் மட்டும் இறங்கினால் சரியாகிவிடுகிறது.

நான்காவது வாரம் 46இல் ஒரு சிக்கல். கடைசி ரெப் முன்னால் சரிந்தது, அதைவிடக் கூடுதலாகத் தூக்கியவன் நான். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துப் பக்கவாட்டில் படம் பிடித்தேன். பாரை ரேக்கிலிருந்து எடுக்கும்போதே என் மேல்முதுகு தளர்ந்திருந்தது, மார்பு உள்ளே விழுந்திருந்தது. அதனால் பார் முகத்தைச் சுற்றி வளைந்து போகிறது, அப்புறம் அதைத் தலைக்கு மேலே திரும்பக் கொண்டுவர இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்கிறேன். (இந்தச் சாய்வை நடுவர்களால் ஒழுங்காகத் தீர்மானிக்க முடியாமல் போனதும், 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு பளுதூக்குதலிலிருந்து பிரஸ்ஸை நீக்கியதற்கு ஒரு காரணம்.)

திருத்தம் பாரை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. முழங்கை பாருக்கு ஒரு விரல் முன்னால், முன்கை செங்குத்து. இரண்டு அக்குளிலும் தெர்மாமீட்டர் வைத்து அழுத்திப் பிடிப்பதுபோல் முதுகை இறுக்கி, மார்பைத் தூக்கி, வயிறு நிறைய மூச்சிழுத்து, பிட்டத்தை இறுக்கிய பிறகுதான் எடுப்பது. சரியாக இறுகியிருந்தால் பார் தோள்மேல் ஒரு பலகையில் இருப்பதுபோல் கனமில்லாமல் நிற்கும். மணிக்கட்டில் கனம் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். செட்டுக்கு நடுவிலும் ஒவ்வொரு ரெப்புக்கும் கீழே வந்து மறுபடி இறுக்க வேண்டும், மூன்றாவது ரெப்பில்தான் நான் மறப்பேன். திங்கள்கிழமை பிரஸ் முடிந்ததும் பெஞ்சில் மார்பு பதித்து டம்பெல் ரோ நான்கு செட் சேர்த்தேன், பத்து பத்து ரெப்.

ஆறாவது வாரம் 47.5 மூன்று செட்டும் ஐந்து ஐந்து. எட்டாவது வாரக் கடைசியில் 50. புஷ் பிரஸ் அப்போது 57.5. ஒன்பதாவது வாரம் 50.5இல் 5, 5, 4. வியாழக்கிழமை அதே எடையைத் திரும்பப் போட்டேன், மூன்று செட்டிலும் ஐந்து வந்தது. திங்கட்கிழமைக்கு நோட்டில் 51 எழுதி வைத்திருக்கிறேன்.