விருதுநகர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு புத்தாண்டுக் கடிதம்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டு முடிவது மார்ச் 31ஆம் தேதிதான். ஆனாலும் 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் எங்கள் ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டு, பார்ட்டிகள் அனைவருக்கும் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒரு வாழ்த்துக் கடிதம் தயார் செய்யச் சொன்னார். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்றார்: நன்றி, இந்த வருடம் அவர்களும் நாமும் சேர்ந்து செய்த ஏதாவது ஒரு நல்ல காரியம், விடுமுறைக் காலத்தில் அலுவலகம் இயங்கும் நாட்கள். அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஐந்து நாட்களை எடுத்துக்கொண்டது.

எங்கள் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் பார்ட்டிகள் அப்போது 94 பேர். பெரும்பாலும் பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் வியாபாரம் செய்பவர்கள், இரண்டு மூன்று அச்சகங்கள், சில பாத்திரக் கடைகள். இவர்களில் முதலாளிகளுக்கும் எங்களுக்கும் நேரடிப் பேச்சு குறைவு. பில்களைச் சேர்த்து எடுத்து வருபவர் கடையின் கணக்குப்பிள்ளைதான். கடிதத்தின் பெயர் முதலாளிக்கு, உபயோகம் கணக்குப்பிள்ளைக்கு என்பது எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றவில்லை.

முதல் வரைவில் சாதனை என்று நான் எழுதியது இதுதான்: "ஏப்ரல் முதல் நம் பார்ட்டிகள் ஒருவர்கூடத் தாமதக் கட்டணம் செலுத்தவில்லை." எழுதும்போது அது உண்மை என்றே நம்பினேன். ஆடிட்டர் அதைப் படித்துவிட்டு, "லெட்ஜரைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஜி.எஸ்.டி. தளத்தில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் உள்ள ரொக்க லெட்ஜரில் வரி, வட்டி, அபராதம், கட்டணம் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். அந்தக் கட்டணப் பத்தியை 94 பேருக்கும் திறந்து பார்க்க ஒன்றரை நாள் ஆனது. இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவருக்கு வரி கட்டிப் போடும் 3பி ரிட்டர்ன் ஜூலை மாதத்துக்கு ஒரே ஒரு நாள் தாமதம். மத்திய வரிக்கு 25 ரூபாய், மாநில வரிக்கு 25 ரூபாய் என்று 50 ரூபாய் அடுத்த மாத ரிட்டர்னில் சேர்ந்து போயிருந்தது. தொகை அற்பமானது. ஆனால் அந்த அண்ணாச்சி 50 ரூபாயை மறக்கிற ஆள் இல்லை, அந்தத் தாமதமும் எங்கள் அலுவலகத்தில் நடந்ததுதான். கடிதம் அப்படியே போயிருந்தால் வாழ்த்தைப் படித்த கையோடு அவர் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.

அடுத்து, மிளகாய் வியாபாரி ஒருவர் இந்த வருடம் ஏற்றுமதி தொடங்கி வரியைத் திரும்பப் பெற்றதை எழுதலாம் என்று நினைத்தேன். அதையும் ஆடிட்டர் அடித்துவிட்டார். பெயர் போடாவிட்டாலும் ஊருக்குள் அது யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு பார்ட்டியின் கணக்கு விவரத்தை இன்னொரு பார்ட்டியிடம் சொல்லும் அலுவலகத்தில் யாரும் புத்தகத்தைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். அது ஒருவருடைய சாதனையே தவிர எல்லோரும் சேர்ந்து செய்ததும் அல்ல.

கடைசியில் விடை எங்கள் மேசையிலேயே கிடந்தது. பில்கள் எந்தத் தேதியில் வந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். ஏப்ரலில் 5ஆம் தேதிக்குள் விற்பனைப் பில்களைக் கொடுத்தவர்கள் 38 பேர். நவம்பரில் 81 பேர். இதை நாங்கள் மட்டும் செய்திருக்க முடியாது. கணக்குப்பிள்ளைகள் மாதக் கடைசியிலேயே பில்களை எண் வரிசையில் அடுக்கத் தொடங்கியதால் வந்த மாற்றம் அது. இதனால் யாருக்கு லாபம் என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டியிருந்தது. நம் பார்ட்டி மறு மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை ரிட்டர்னைப் போட்டால்தான், அவரிடம் சரக்கு வாங்கிய மதுரைக் கடைக்காரருக்கு 14ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் அந்தப் பில் தெரியும்; தெரிந்தால்தான் அவர் அந்த மாதமே வாங்கும்போது கொடுத்த உள்ளீட்டு வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியும். பில் தெரியாத மாதத்தில் வாங்கியவர் பாக்கியில் வரித் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்புவார். இந்த வலி எங்கள் பார்ட்டிகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்த எண்ணிக்கையை அவர்கள் வெறும் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேதிகளில்தான் நான் அதிகம் தடுமாறினேன். 2025 பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து 17, வெள்ளி வரை நாங்கள் அலுவலகத்தை மூடுவதென்று தீர்மானித்திருந்தோம். விற்பனை ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 11ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி கிடையாது. 2பி உருவாகும் 14ஆம் தேதி பொங்கல். வரி கட்டி 3பி போடக் கடைசி நாளான 20ஆம் தேதி திங்கள். ஆக, கொள்முதலைச் சரிபார்த்து வரியைக் கணக்கிட எங்களுக்கு 18, 19 என்று இரண்டே நாட்கள்தான் தேறின. "14 முதல் 17 வரை விடுமுறை" என்று மட்டும் எழுதினால் கணக்குப்பிள்ளை 18ஆம் தேதி காலையில் கொள்முதல் பில்களைப் பையோடு கொண்டுவந்து வைப்பார். அதில் அவர்மேல் தப்பே இல்லை.

ஆகவே விடுமுறை நாட்களோடு அரசு நிர்ணயித்த கடைசித் தேதிகளையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். ஆடிட்டர் கட்டத்தை முழுவதும் அடித்தார். "கவர்மென்ட் தேதியைப் போட்டா அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வருவாங்க. நமக்கு எப்ப வேணுமோ அதை மட்டும் போடுங்க" என்றார். எனக்கு அப்போது அது மறைப்பதுபோலப் பட்டது. ஜனவரியில் அவர் சொன்னது சரியாகிப் போனது.

டிசம்பர் 19ஆம் தேதி அனுப்பிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் தங்கள் கணக்குகளை எங்களிடம் நம்பி ஒப்படைத்தமைக்கு நன்றி. கடந்த ஏப்ரலில் 5ஆம் தேதிக்குள் விற்பனைப் பில்களைக் கொடுத்தவர்கள் 38 பேர். நவம்பரில் 81 பேர். தங்களிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு அந்தந்த மாதமே வரிக் கழிவு கிடைக்க இது உதவியிருக்கிறது. தங்கள் கடையில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களிலும் ஜனவரி 14 முதல் 17 வரையிலும் அலுவலகம் இயங்காது. ஜனவரி 18, சனிக்கிழமை முழு நாளும், 19, ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 2 மணி வரையும் இயங்கும்.

டிசம்பர் மாத விற்பனைப் பில்கள் ஜனவரி 6, திங்கட்கிழமைக்குள்ளும், கொள்முதல் பில்கள் ஜனவரி 10, வெள்ளிக்கிழமைக்குள்ளும் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். வரித் தொகையை 18ஆம் தேதி மாலை தெரிவிப்போம். விடுமுறை நாட்களில் இ-வே பில் தொடர்பான அவசரத்துக்கு மட்டும் அலுவலகக் கைபேசியில் அழைக்கலாம்.

தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்."

முதலில் இதைக் கரும்பும் பானையும் போட்ட படமாகத்தான் செய்தோம். கைபேசியில் திறந்தபோது கரும்பு நன்றாகத் தெரிந்தது; தேதிகளை விரலால் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. படத்தை விட்டுவிட்டு எழுத்தாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். முதலாளி அதைக் கணக்குப்பிள்ளைக்கு அப்படியே தள்ளிவிடவும் அது வசதியாக இருந்தது. கடிதம் பார்ட்டிகளைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதில் ஆடிட்டர் கண்டிப்பாக இருந்தார். பட்டயக் கணக்காளர்கள் சட்டம், 1949இன்படி விளம்பரம் செய்து வேலை தேடுவது அவர்களுக்குத் தடை. நண்பர்கள் குழுக்களில் போட்டால் வாழ்த்து விளம்பரமாகிவிடும் என்றார்.

ஒலிபரப்புப் பட்டியலில் வாட்ஸ்அப் உள்ள 90 எண்களையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினேன். மறுநாள் அந்தச் செய்தியின் விவரத்தைத் திறந்தபோது 67 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அப்படி அனுப்பும் செய்தி போகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருடப் பழக்கமுள்ள அண்ணாச்சிகள்கூட எங்கள் எண்ணைச் சேமித்திருக்கவில்லை என்பது கொஞ்சம் உறைத்தது. மீதி 23 பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். வாட்ஸ்அப்பே இல்லாத நான்கு பேருக்கு அச்சிட்டு, பில் வாங்கப் போகும் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 6ஆம் தேதி மாலைக்குள் 79 பேரின் விற்பனைப் பில்கள் வந்துவிட்டன. பண்டிகைக் காலத்துக்கு அது நல்ல எண்ணிக்கை. ஜனவரி 10ஆம் தேதி கடைசித் தேதிகள் நீட்டிக்கப்பட்டன: விற்பனை ரிட்டர்னுக்கு 13ஆம் தேதி, 3பிக்கு 22ஆம் தேதி. அன்று மாலைக்குள் தொலைபேசி அழைப்புகள் வரிசையாக வந்தன. "அதான் தள்ளிப் போட்டுட்டாங்களே தம்பி, பொங்கல் முடிஞ்சு தரட்டுமா?" என்றார் ஒரு பருப்பு மண்டி அண்ணாச்சி. "நம்ம லெட்டர்ல 10ஆம் தேதின்னு போட்டிருக்கோம் அண்ணாச்சி, அது மாறலை" என்று என்னால் சொல்ல முடிந்தது. அரசுத் தேதியை அச்சடித்துக் கொடுத்திருந்தால் இந்தப் பதிலுக்கு இடமே இருந்திருக்காது. அவர் கணக்குப்பிள்ளை இரவு எட்டு மணிக்குப் பில் கட்டோடு வந்தார். வேண்டுமென்றே நேரம் கழித்து அனுப்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடிதம் ஓரிடத்தில் பொய்யானது. நீட்டிப்பால் 2பி பட்டியலும் தள்ளிப்போனதில் எங்கள் வேலை வரிசை குலைந்து, 18ஆம் தேதி மாலை சொல்வதாக எழுதியிருந்த வரித் தொகையை 31 பேருக்கு 20ஆம் தேதிதான் சொல்ல முடிந்தது. அவர்களுக்கு 18ஆம் தேதி மதியமே இரண்டு வரியில் தகவல் அனுப்பினோம். பொங்கல் அன்று காலை இ-வே பில்லுக்காக ஓர் அழைப்பு வந்தது. மற்ற அழைப்புகளெல்லாம் வாழ்த்துச் சொல்ல வந்தவை.

பிப்ரவரியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனபோது, பையனிடம் கொடுத்தனுப்பிய அச்சுத் தாள் கல்லாவுக்கு மேலே தினசரிக் காலண்டர் அட்டையில் குத்தப்பட்டிருந்தது. "கணக்குப் பார்ப்பவர்களுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி" என்ற வரியின் கீழே நீல மையில் கோடு போட்டிருந்தது. முதலாளிக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துக் கணக்குப்பிள்ளையே குத்தி வைத்தாராம்.