தொழில் மாறியது, பெயரில் தடுமாறினோம்

கோவையில் நாங்கள் நடத்திய நிறுவனம் வீட்டுக்கு வீடு காய்கறி கொடுத்துவந்தது. கட்டுப்படியாகவில்லை. எங்கள் தேவைக்காக எழுதிய சரக்குக் கணக்கு மென்பொருளை மளிகைக் கடைகளுக்கு விற்கலாம் என்று மாறினோம். ஆப் பெயரிலேயே காய் இருந்தது, லோகோவில் ஒரு பச்சை இலை. டெமோ காட்டப் போன இடத்தில் "தக்காளி இன்னிக்கு என்ன விலைக்குப் போடுவீங்க?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரும் இலையும் போகவேண்டியவைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் அதோடு நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் மாற்றினோம். அதுதான் வினை. பதிவில் இருந்தது எங்கள் இருவருடைய பாட்டிகளின் பெயர், தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லாதது. ஸ்விக்கியைப் பாருங்கள்: 2014இல் தொடங்கியும், நடத்திய நிறுவனம் முந்தைய தொழிலின் பெயரான 'பண்டல்' என்பதோடுதான் 2024 வரை பதிவில் இருந்தது. உங்கள் பதிவுப் பெயரே பழைய தொழிலைச் சொன்னால் அது வேறு கதை, மாற்றத்தான் வேண்டும்.

தீர்மானம், பெயர் ஒப்புதல், பெயர் மாற்றத்துக்கான INC-24 படிவம் எல்லாம் ஆடிட்டர் முடித்துக் கொடுத்தார். புதுச் சான்றிதழோடு நேராக வங்கிக்குப் போனேன். பான் அட்டையில் பழைய பெயர் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். ஜிஎஸ்டி தளத்திலும் அதே கதை, அது பெயரைப் பான் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதலில் பான், அப்புறம் ஜிஎஸ்டி, கடைசியில் வங்கி. இந்த வரிசை தெரியாமல் மூன்று நடை வீண். அதற்குள் ஒரு கடைக்காரர் பில்லைப் பார்த்துப் புதுப் பெயரில் எழுதிய காசோலை கணக்கில் ஏறாமல் திரும்பிவந்தது.

ஆப் பெயர் மாறிய அன்று இன்னொரு அடி. ஓடிபி குறுஞ்செய்தியின் வாசகத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பழைய பெயரோடு பதிந்திருந்தோம். புதுப் பெயர் போட்டு அனுப்பியதும், பதிந்த வாசகத்தோடு ஒத்துப்போகாததால் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் கடைக்காரர்கள் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. புது வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே ஆப்பில் கை வையுங்கள்.

தளத்தில் இருந்த காய்கறிக் கதையையும் வெட்கப்பட்டு அழித்திருந்தோம். புதுப் பெயருக்குக் கீழே பழைய பதிவுப் பெயரை இரண்டு ஆண்டு அச்சிடவேண்டும் என்று சட்டம் சொல்வதால், லெட்டர்பேடில் மட்டும் அது சின்ன எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டிக்காரர், முன்பு எங்களுக்கு உருளைக்கிழங்கு போட்டவர், எங்கள் விலைப்பட்டியலை ஓரமாக வைக்கப் போனவர் அந்த வரியில் நின்றுவிட்டார். வாராவாரம் அவர் கணக்குக்குப் பணம் அந்தப் பெயரில்தான் போயிருக்கிறது.

"அட, நீங்களா? அழுகின சரக்கு கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியுமே தம்பி. அதை முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

அன்று இரவே பழைய கதையைத் தளத்தின் முதல் பக்கத்தில் ஏற்றினேன்.