மாமாவின் கடன் கொப்பியும் நான் அவசரப்பட்டுக் கொடுத்த மூன்று லட்சமும்

நானுஓயாவில் சில்லறைக் கடை வைத்திருந்த என் தாய்மாமா மரண சாசனத்தில் என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருந்தார். வீடு அத்தைக்கு, கடனெல்லாம் கட்டியபிறகு மிஞ்சும் பணம் மச்சானுக்கும் தங்கச்சிக்கும் பாதிப் பாதி. நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதியது, அதனால் சாசனத்தில் சிக்கல் வரவில்லை. நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்து, சாசனத்தை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதியான புரோபேட் கையில் வர ஐந்து மாதம் ஆனது. அந்தக் காகிதம் இல்லாமல் வங்கியில் ஒரு ரூபாய்கூட நகராது.

வந்ததும் இறந்தவர் கணக்குக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்தேன். மாமாவின் சேமிப்பு 11 லட்சம், கடைச் சாமான் விற்ற 4 லட்சம் அதில் போனது. அப்புறம் கடன் கொப்பி. தோட்டத்து ஆட்கள் பத்தாம் திகதி சம்பளத்தில் தருவதாக அரிசி, மா, சீனி வாங்கிய கணக்கு, மொத்தம் 2,80,000 ரூபாய். "கொப்பிக் கடனை விட்டுரலாமே, பாவம் அவங்க" என்றாள் அத்தை. சட்டத்தரணி விடவில்லை. "தம்பி, அது உங்க காசில்ல, விட்டுக்கொடுக்க. வசூலிக்கக்கூடியதை வசூலிக்காம விட்டா கேட்கிறவங்க உங்களைத்தான் கேட்பாங்க" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: கடைப் பற்றுக் கடனுக்கு வழக்குப் போட காலவரையறை ஒரு வருடம்தான், ஐந்து மாதம் ஏற்கனவே போய்விட்டது. கடன்காரர் கொஞ்சம் காசு கட்டினாலோ, இவ்வளவு தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அந்த வருடம் புதிதாகத் தொடங்கும். அதனால் கொப்பியோடு லயம் லயமாக ஏறி இறங்கினேன். முடிந்தவர்கள் கட்டினார்கள், முடியாதவர்கள் அந்தந்தப் பக்கத்திலேயே தொகையும் திகதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், யாரும் கோபிக்கவில்லை. இரண்டு சம்பள நாளில் 1,90,000 சேர்ந்தது. மிச்சம் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரில்.

ஆக 16,90,000. செத்த வீட்டுச் செலவு 1,60,000, வங்கிக் கடன் 6,30,000, வழக்குச் செலவு 1 லட்சம் கட்டியபிறகு 8 லட்சம் நின்றது. இங்கேதான் நான் சறுக்கினேன். மச்சான் வான் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டும் என்று வந்து நின்றான். "எப்படியும் எனக்கு நாலு லட்சம் வருந்தானே, அதுல மூணைக் குடுங்க". கொடுத்துவிட்டேன், ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. அப்போது புரோபேட் கிடைத்து இரண்டரை மாதம்.

இரண்டு கிழமையில் புறக்கோட்டை மொத்தக் கடைக்காரர் ஒருவர் போன் பண்ணினார். மாமா இறந்ததே தெரியாதாம். மாமா கையெழுத்துப் போட்ட பில்கள், ஒன்பது மாதம் பழையவை, 6,20,000 ரூபாய். மாமாவின் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரக்கு வந்தது உண்மை. வருடமும் முடியவில்லை. கொப்பிக்காக நான் ஓடிய அதே ஒரு வருடம், இப்போது அவர் பக்கம் நின்றது. கணக்கில் இருந்ததோ 5 லட்சம்.

இறந்தவரின் கடனை நிறைவேற்றுநர் தன் கையிலிருந்து கட்டவேண்டியதில்லை, சொத்து இருக்கும் அளவுக்குத்தான் பொறுப்பு. 16,90,000 போதாமல் போயிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் போதியிருக்கும். மூன்று லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்தால் மொத்தக் கடைக்காரருக்குக் கட்டி 1,80,000 மிஞ்சும், ஆளுக்குத் தொண்ணூறாயிரம். மச்சானிடம் போனது மூன்று லட்சம். கடன்காரருக்கு 1,20,000 குறைகிறது, தங்கச்சிக்கு 90,000 குறைகிறது, இந்த 2,10,000 ஓட்டை கடனுக்கு முன்னால் பங்கு கொடுத்த என் தலையில். கடைக்காரர் வீட்டின்மேல் கை வைக்கலாம், ஆனால் அத்தைக்கு வரும் அந்த நட்டத்துக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

சட்டத்தரணி திட்டவில்லை, "ஒரு வருஷம் சும்மா வச்சிருக்கச் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட புரோபேட் திகதியிலிருந்து பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அதைத் தாண்டி, தகுந்த காரணமில்லாமல் பங்குப் பணத்தைக் கையில் வைத்திருந்தால்தான் வட்டியை நம் பணத்தில் கட்டவேண்டிவரும். எனக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தது.

மச்சானிடம் கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு, ஆனால் வான் அட்வான்ஸ் போனது போனதுதான். அவன் ஒரு லட்சம் புரட்டினான். 1,10,000 நான் வேலை செய்யும் இடத்தில் கடன் எடுத்துப் போட்டேன். மொத்தக் கடைக்காரருக்கு முழுவதும் கட்டி, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ரசீது வாங்கினேன், தங்கச்சிக்குத் தொண்ணூறாயிரமும் கொடுத்தேன். கடைசிக் கணக்கில் எல்லா ரசீதும் இணைத்தோம், மச்சானின் துண்டுக் காகிதம் உட்பட. அவன் இப்போது மாதம் ஐயாயிரம் தருகிறான், ஏழு தவணை வந்திருக்கிறது, இன்னும் 75,000 பாக்கி.