ஓலை பெட்டியாகும் இடம்

சாயல்குடியில் சித்தி இன்று திண்ணை நிழலில் பனை ஓலைப் பெட்டி முடைந்தார். கட்டம் கட்டமாகப் படமெடுத்து 10 நொடி வீடியோவாகக் கோத்திருக்கிறேன்.

முடித்த பெட்டி ஒன்றை முதலில் வைத்து, அதன் விளிம்பு வரை அடங்கும்படி போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அடியை மட்டும் பார்த்து வைத்தால், சுவர் எழும்பும்போது திரைக்கு வெளியே போய்விடும்.

அப்புறம், திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கை குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா வெளிச்சத்தை மாற்றும், வீடியோ மினுங்கும்.

அடி முடைவதற்குச் சில படங்களே போதும். ஓலையை மடக்கி மேலே திருப்புகிறார் பாருங்கள், தட்டையாகக் கிடந்தது பெட்டியாவது அங்கேதான்! அந்த இடத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு படம்.

நொடிக்கு 8 படம் ஓடுகிறது. கடைசிப் படம் மட்டும் 2 நொடி நிற்கும், விளிம்பைக் கட்டியிருப்பதை நன்றாகப் பாருங்கள்.